உச்சிவெயிலுக்கு முன் வேலையை முடிப்பது எப்படி: வெட்டவெளிக் குழுவின் நேரத்தை மாற்றுவோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்கும் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு நான் மேற்பார்வையாளர். கோடை தொடங்கிய மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு, பல வருட அனுபவமுள்ள ஒரு தொழிலாளி குழாயைத் தூக்கும் சங்கிலியின் கொக்கியை வளையத்தில் மாட்ட முயன்றுகொண்டிருந்தார். முதல் முறை தவறியது, இரண்டாம் முறையும் தவறியது. மூன்றாம் முறை கொக்கி வளையத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. "அண்ணே, என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் புரியவில்லை, நாக்கு குழறியது. அவரைப் பிடித்து நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி, ஆம்புலன்ஸை வரவழைத்தோம். பிழைத்துக்கொண்டார்.

அன்று மாலையே வேலை நேரத்தை மாற்றுவது என்று முடிவு செய்தோம். மாற்றி முடிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. முறையாகச் செய்திருந்தால் கோடைக்கு முன்பே முடித்திருக்கலாம். நான் தடுமாறிய இடங்களில் நீங்கள் தடுமாறாமல் இருக்க, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். எங்கள் குழு காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை, இடையில் ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையோடு வேலை செய்தது. உங்கள் நேரம் வேறாக இருந்தாலும் கணக்கு போடும் முறை இதுதான்.

1. கடிகார நேரத்தை விட்டு, சூரிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

பலரும் செய்யும் முதல் தவறு, பன்னிரண்டு மணியை நடுவில் வைத்து இரு பக்கமும் சமமாக வெட்டுவது. "பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஓய்வு, மற்ற நேரம் வேலை" என்பார்கள். சூரியன் உச்சிக்கு வரும் நேரம் பன்னிரண்டு மணியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் நாடுகளில் அது ஒன்றரை மணிக்குக்கூட வரலாம்.

கண்டுபிடிப்பது எளிது. உங்கள் வேலையிடத்தின் சூரிய உதய, அஸ்தமன நேரங்களை எடுத்து அவற்றின் நடுப்புள்ளியைப் பாருங்கள். எங்கள் இடத்தில் அந்த வாரம் உதயம் காலை 5.48, அஸ்தமனம் மாலை 6.36. இடைப்பட்ட பகல் 12 மணி 48 நிமிடம். அதில் பாதி 6 மணி 24 நிமிடம். அதை உதயத்தோடு கூட்டினால் 12.12. அதுதான் எங்களுக்கு உச்சிப்பொழுது.

வெயிலின் கடுமை உச்சிக்கு இரு புறமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் ஏறி இறங்கும். காற்றின் சூடு அப்படி இல்லை. தரை வெயிலை வாங்கி, அந்தச் சூட்டைக் காற்றுக்குத் தர நேரம் எடுக்கும். அதனால் காற்றின் வெப்பம் உச்சிப்பொழுதுக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே உச்சம் தொடுகிறது. உச்சிக்கு மூன்று மணி முன்பும் மூன்று மணி பின்பும் வெயில் ஒன்றுபோல் இருந்தாலும் உடல் படும் பாடு ஒன்றல்ல. ஆகவே வேலையை உச்சிக்கு முன்பக்கம் தள்ளுங்கள். சமமாகப் பிரித்தால் பிற்பகலில் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொரு நேரத்தையும் குறித்து வையுங்கள்: விடிவெளிச்சம் தொடங்கும் நேரம். சூரியன் அடிவானத்துக்கு ஆறு பாகை கீழே இருக்கும்போதே வெளியில் விளக்கில்லாமல் நடமாட முடியும். எங்கள் இடத்தில் அது உதயத்துக்கு 23 நிமிடம் முன், அதாவது 5.25. நிலநடுக்கோட்டிலிருந்து விலகப் போகும்போது இந்த இடைவெளி நீளும்.

2. மூன்று நாள், மணிக்கொரு முறை அளந்து பாருங்கள்

கைபேசியில் தெரியும் வெப்பநிலையை நம்பித் திட்டம் போடாதீர்கள். அது எங்கோ ஒரு நிலையத்தில், நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் எடுத்த அளவு. பள்ளத்துக்குள் நிற்பவரின் உடல் படும் வெப்பம் அதில் இல்லை.

உடலுக்கு நான்கு விஷயங்கள் முக்கியம்: காற்றின் சூடு, ஈரப்பதம், நேரடி வெயில், காற்றோட்டம். இவற்றைச் சேர்த்துச் சொல்லும் ஓர் எண்ணைத் தரும் சிறு கருவி உண்டு. அதன் திரையில் WBGT என்று இருக்கும். இந்தக் கட்டுரையில் அதை வெப்ப எண் என்று சொல்கிறேன். வெட்டவெளிக்கு அது கணக்கிடப்படும் விதம் இது:

```
WBGT = 0.7 Tw + 0.2 Tg + 0.1 Ta
```

முதலாவது, ஈரத்துணி சுற்றி வெட்டவெளியில் வைத்த வெப்பமானியின் அளவு. இரண்டாவது, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானியின் அளவு. மூன்றாவது, நிழலில் எடுத்த காற்றின் சாதாரண வெப்பநிலை. எல்லாம் செல்சியஸில். எங்கள் இடத்தில் நண்பகலில் இவை முறையே 26, 46, 36 பாகை. கணக்கிட்டால் 18.2, 9.2, 3.6, கூட்டினால் 31. காலை ஐந்தரைக்கு 24.5, 27, 26.5 பாகை, கூட்டுத்தொகை 25.2. காற்றின் வெப்பம் ஒன்பது பாகைக்கு மேல் ஏறியும் வெப்ப எண் ஆறு பாகைக்குள்தான் ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். இந்த எண்ணில் ஒரு பாகை கூடினாலும் அது பெரிய மாற்றம்.

இங்கே ஒரு குழப்பம் வரும். காலையில் ஈரப்பதம் தொண்ணூறு சதவீதம் என்று கைபேசி காட்டும். "காலையில்தான் புழுக்கம் அதிகம், நேரத்தை முன்னே தள்ளிப் பயனில்லை" என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் வாதிட்டார். சதவீதம் கூடுவதற்குக் காரணம் காற்று குளிர்ந்திருப்பது. காற்றிலுள்ள நீராவி பெரும்பாலும் மாறுவதில்லை. வியர்வை எவ்வளவு எளிதாக உலரும் என்பதைச் சொல்வது ஈரத்துணி வெப்பமானி. அதன் அளவு வழக்கமாக அதிகாலையில்தான் மிகக் குறைவாக இருக்கும். அளந்த தாளைக் காட்டியதும் வாதம் முடிந்தது.

கருவியை ஆட்கள் நிற்கும் இடத்திலேயே, மார்பு உயரத்தில், அவர்கள் வெயிலில் நின்றால் நீங்களும் வெயிலில் வைத்து அளங்கள். கையில் பிடிக்காமல் முக்காலியில் நிறுத்துங்கள். கறுப்பு உருண்டை நிலைகொள்ள நேரம் பிடிக்கும். பெரிய உருண்டை என்றால் இருபது நிமிடமாவது பொறுத்திருந்து அளவைக் குறியுங்கள். வண்டியிலிருந்து எடுத்த உடனே குறித்த என்னுடைய முதல் நாள் அளவுகள் எல்லாம் வீணாயின. கருவியை விலைக்கு வாங்க முடியாவிட்டால் மூன்று நான்கு நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். முதல் திட்டத்துக்கு அது போதும்.

எங்களுக்குக் கிடைத்த அளவுகள்: காலை 5.30-க்கு 25.2, ஏழு மணிக்கு 26, எட்டுக்கு 27.4, ஒன்பதுக்கு 28.3, பத்துக்கு 29.4, பதினொன்றுக்கு 30.2. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை 31-ஐ ஒட்டியே இருந்தது. மாலை நாலரைக்கு 30.1, ஆறு மணிக்கு 28.4. எங்கள் திட்டத்தை முடிவு செய்தது அந்த நாலரை மணி அளவுதான். மாலை நாலரை என்றால் வெயில் தாழ்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கருவியோ அதைக் காலை பதினொரு மணிக்குச் சமமாகக் காட்டியது.

3. வேலையைக் கனத்தின்படி பிரித்து, நேரத்தோடு பொருத்துங்கள்

எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பதைவிட, எந்த வேலையை எந்த மணியில் வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. உடல் தனக்குள்ளே உண்டாக்கும் சூடு, வெளிச் சூட்டோடு சேர்கிறது. மண்வெட்டியும் கடப்பாறையும் பிடிப்பவருக்கு ஆபத்தாகிவிட்ட நேரம், நின்றபடி அளவு குறிப்பவருக்கு இன்னும் தாங்கக்கூடியதாக இருக்கும்.

ஐ.எஸ்.ஓ. 7243 என்ற சர்வதேசத் தரநிலை இதற்கு வரம்புகள் தருகிறது. வெயிலுக்குப் பழகிய, சாதாரண வேலையுடை அணிந்த ஆளுக்கு: தோண்டுதல் போன்ற கனமான வேலைக்கு வெப்ப எண் 26 வரை, சுமாரான வேலைக்கு 28 வரை, இலகுவான வேலைக்கு 30 வரை. பழகாதவருக்கு இவை முறையே 23, 26, 29. காற்றுப் புகாத பாதுகாப்பு உடை அணிந்தால் இந்த எண்கள் பொருந்தாது. இன்னும் கீழே இறங்க வேண்டும்.

இந்த வரம்பு ஒரு மணி நேரச் சராசரிக்கானது என்பதைப் புரிந்துகொண்டால் வேலை எளிதாகும். ஒருவர் அரை மணி தோண்டி, அரை மணி நிழலில் உட்கார்ந்தால், அந்த மணி நேரத்தில் அவர் உடல் உண்டாக்கிய சூடு சுமாரான வேலையின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே வெப்ப எண் 26-ஐத் தாண்டியதும் தோண்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. ஆட்களை மாற்றி மாற்றி இறக்கினால் 28-ஐ நெருங்கும் வரை ஓட்டலாம்.

எங்கள் அட்டவணை இப்படி அமைந்தது. 5.30 முதல் ஏழு வரை எல்லோரும் தோண்டுவது. ஏழு முதல் எட்டு வரை ஆறு பேர் தோண்ட, ஆறு பேர் நிழலில் இருப்பது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவது. எட்டிலிருந்து எட்டரை வரை சாப்பாடு. எட்டரை முதல் பத்து வரை குழாய் இறக்குவது, மூட்டுவது. மணிக்கு நாற்பது நிமிட வேலை, இருபது நிமிட ஓய்வு. பத்துக்கு மேல் இலகுவான வேலை மட்டும்: மட்டம் சரிபார்ப்பது, அடுத்த நாள் தடத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது. பதினொன்றுக்கு வெயிலில் யாரும் நிற்கக்கூடாது. மீதி அரை மணி கூடாரத்துக்கு அடியில் கருவிகளைத் துடைத்து அடுக்கிவிட்டு, பதினொன்றரைக்குப் புறப்பாடு.

முன்பு காலையில் முதலில் குழாய்களை இறக்கி அடுக்கிவிட்டு, பத்து மணிக்குமேல் தோண்டத் தொடங்குவோம். அப்படித்தான் பழக்கம். நேரத்தை முன்னே தள்ளியபோதும் முதல் சில நாட்கள் அதே வரிசையில் செய்தோம். இரண்டரை மணி நேரம் முன்னதாக வந்தும், கடினமான வேலை மறுபடி வெயிலிலேயே போய் விழுந்தது. வரிசையை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

4. ஒரே ஷிப்ட்டா, இரண்டாக உடைப்பதா?

காலையில் ஆறு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று உடைக்கும் யோசனை எல்லோருக்கும் வரும். தாளில் எட்டு மணி நேரமும் கிடைக்கும். நாங்கள் ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டோம். வீடு தொலைவில் இருந்தவர்கள் நடுப்பகல் ஐந்து மணி நேரத்தை வேலையிடத்திலேயே தகரக் கூரைக்கு அடியில் கழித்தார்கள். கூரை அனலாய்க் கொதித்தது. யாராலும் தூங்க முடியவில்லை. மாலை நாலரைக்கு வேலையைத் தொடங்கும்போது காலையைவிடக் களைத்திருந்தார்கள். ஆறரைக்கு முடித்து, எட்டு மணிக்கு வீடு சேர்ந்து, மறுநாள் நாலு மணிக்கு முன் எழ வேண்டும் என்றால் எப்போது தூங்குவது?

தங்குமிடம் வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே இருந்து, அங்கே மின்விசிறியோ குளிர்சாதனமோ இருந்தால் மட்டும் உடைத்த ஷிப்ட்டைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் மாலைப் பகுதியை அளவு காட்டும் நேரத்துக்குத் தள்ளுங்கள். எங்கள் இடத்தில் அது ஆறு மணிக்குப் பிறகு. அதாவது விளக்கு வைத்துச் செய்யும் வேலை.

5. தாள்களை முதலில் தயார் செய்யுங்கள்

எங்களுக்கு ஒரு மாதம் ஆனது இதனால்தான். எல்லாத் தாள்களையும் ஒரே நாளில் தொடங்குங்கள். மிக மெதுவாக வருவது அதிகாலைச் சத்தத்துக்கான அனுமதி. குடியிருப்புப் பகுதிகளில் காலை ஆறு அல்லது ஏழு மணிக்கு முன் இயந்திர ஓசைக்குத் தடை இருப்பது வழக்கம். உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். விண்ணப்பத்தில் தேதிகள், மணி, எந்த இயந்திரம், எத்தனை நேரம் ஓடும் என்று தெளிவாக எழுதுங்கள். "கோடைக்காலம் முழுவதும்" என்று பொதுவாக எழுதிய எங்கள் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, "ஆறரைக்கு முன் கைவேலை மட்டும்" என்று எழுதிக் கொடுத்த இரண்டாவது விண்ணப்பத்துக்குப் பதினொரு நாளில் அனுமதி கிடைத்தது. இயந்திரத்தை ஆறரைக்குப் பிறகு ஓட்டுவது எங்களுக்கு இடைஞ்சலாகவும் இல்லை.

அடுத்தது, குழுவினரோடு செய்யும் கூலி உடன்பாடு. இதைத் தள்ளிப்போடாதீர்கள். எட்டு மணி நேர வேலை ஐந்தரை மணி நேரமாகும்போது ஒவ்வொருவர் மனதிலும் எழும் முதல் கேள்வி, நாட்கூலி குறையுமா என்பதுதான். குறையும் என்றால், வேறிடத்தில் வெயிலில் நின்றாவது முழுக்கூலி வாங்கப் போய்விடுவார்கள். நாங்கள் நாளொன்றுக்கு இத்தனை மீட்டர் என்று அளவு வைத்து முழு நாட்கூலியும் தர ஒப்புக்கொண்டோம். அந்த அளவை எட்டாத நாளிலும் வெப்பத்தால் நிறுத்தியிருந்தால் கூலி குறையாது என்று தனி வரியாக எழுதினோம். அந்த வரி இல்லாவிட்டால் மயக்கம் வருபவர்கூடச் சொல்லாமல் தோண்டிக்கொண்டிருப்பார்.

வேலையை ஒப்படைத்த உரிமையாளருக்கு ஒரு கடிதம்: பழைய நேரம், புதிய நேரம், தொடங்கும் நாள், எந்த நிலையில் பழைய நேரத்துக்குத் திரும்புவீர்கள், முடிக்கும் தேதி மாறுமா. கடிதத்தோடு வெப்ப எண் அளவுத்தாளை இணையுங்கள். அளவுத்தாள் இல்லாமல் போன என் முதல் கடிதத்துக்கு இரண்டு வாரம் பதிலே இல்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் புதிய வேலை நேரத்தை எழுதித் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான பதிலை வாங்கி வையுங்கள். எங்கள் பத்திரத்தில் வேலை நேரமே குறிப்பிடப்பட்டிருந்தது. அதற்கு வெளியே காலை 5.40-க்கு ஒரு விபத்து நடந்தால் என்ன ஆகும் என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். சில நாடுகளில் நடுப்பகல் வேலைக்கே தடை உண்டு. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை வெட்டவெளி வேலை கூடாது. வெப்ப எண் 32.1-ஐத் தாண்டினால் எந்த மணியானாலும் நிறுத்த வேண்டும். சட்டம் சொல்லும் மணி நேரம் கடைசி வரம்புதான். உங்கள் அளவு அதற்கு முன்பே நிறுத்தச் சொன்னால் முன்பே நிறுத்துங்கள்.

செலவைப் பொறுத்தவரை, கருவி வாடகை, கூடாரம், தண்ணீர் எல்லாம் சிறியவை. பெரிய செலவு, முழுக்கூலிக்குக் குறைந்த மணி நேரம் வாங்குவது. ஆனால் மீட்டர் கணக்கைப் பாருங்கள். கடுங்கோடையில், பழைய நேரத்தின் கடைசி வாரம் நாளுக்குச் சராசரியாக 22 மீட்டர் பதித்தோம். புதிய நேரத்தின் முதல் வாரம் 19 மீட்டராக இறங்கியது. இரண்டாம் வாரத்திலிருந்து 23. பிற்பகல் மூன்று மணி நேரத்தில் நாங்கள் எவ்வளவு குறைவாகச் செய்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல் வாரச் சரிவைப் பார்த்துத் திட்டத்தைக் கைவிட்டுவிடாதீர்கள்.

6. உங்களோடு சேர்ந்து மாற வேண்டியவர்களைப் பட்டியலிடுங்கள்

புதிய நேரத்தின் முதல் நாள் ஐந்தரைக்குப் பன்னிரண்டு பேரும் வந்து நின்றோம். கருவி அறையின் சாவி வைத்திருந்தவர் எட்டு மணிக்குத்தான் வந்தார். இரண்டாம் நாள் பள்ளம் தயார். குழாய்க்கு அடியில் போட வேண்டிய கான்கிரீட் லாரி ஒன்பதரைக்கு வந்தது. வெப்ப எண் 29-ஐ நெருங்கும் நேரத்தில் கான்கிரீட் கொட்டி, அது இறுகுவதற்குள் பரப்ப ஓடினோம். ஐந்தரைக்கு வந்து, கனமான வேலையை மறுபடி வெயிலில் செய்ததுதான் மிச்சம்.

உங்கள் வேலை ஒரு நாள் நடக்கும்போது யாரெல்லாம் வந்து போகிறார்கள் என்று எழுதுங்கள்: சாவிக்காரர், காவலாளி, லாரி, டீசல் கொண்டுவருபவர், மட்டம் சரிபார்த்துக் கையெழுத்திடும் பொறியாளர், முதலுதவி தெரிந்தவர். ஒவ்வொருவரிடமும் புதிய நேரத்தை எழுத்தில் உறுதி செய்யுங்கள். பொறியாளர் ஒன்பதுக்குத்தான் வருவார் என்றால், முந்தைய நாளே அவர் பார்த்துக் கையெழுத்திடும்படி வேலையை ஒரு நாள் முன்னால் ஓட்டுங்கள். முதலுதவி தெரிந்தவர் மட்டும் பிறகு வருவது கூடாது. அவர் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போக வேண்டும்.

7. தூக்கத்தைக் கணக்கில் எடுங்கள்

ஐந்தரைக்கு வேலை என்றால், ஒரு மணி நேரப் பயணம் செய்பவர் நாலு மணிக்கு முன் எழ வேண்டும். ஏழு மணி நேரம் தூங்க இரவு ஒன்பதுக்குப் படுக்க வேண்டும். கோடையில் ஒன்பது மணிக்கு வீட்டுச் சுவர் இன்னும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் விழித்திருப்பார்கள். தூக்கம் குறைந்த உடல் வெயிலையும் தாங்காது, கவனத்தையும் இழக்கும்.

உடலின் கடிகாரத்தைப் பின்னே தள்ளுவதைவிட முன்னே இழுப்பது கடினம். எட்டிலிருந்து ஐந்தரைக்கு ஒரே நாளில் தாவாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு அரை மணி வீதம் முன்னே கொண்டுவாருங்கள். இரண்டு வாரத்தில் சேர்ந்துவிடலாம். அந்த இரண்டு வாரமும் கோடை கடுமையாவதற்கு முன்பே வரும்படி தொடங்குங்கள். விடுமுறை நாளில் பழையபடி எட்டு மணி வரை தூங்கினால் மறுநாள் திண்டாட்டம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

எனக்கு மிகவும் பயம் தந்தது வண்டி ஓட்டுநர்தான். எல்லோரையும் ஏற்றிவர அவர் மூன்று மணிக்கே எழ வேண்டியிருந்தது. அவருக்குப் பகல் வேலை எதுவும் கொடுக்காமல், வந்து சேர்ந்ததும் தூங்க நிழலான இடம் ஏற்பாடு செய்தோம். திரும்பும் பயணமும் இப்போது உச்சிவெயிலில்தான். மேலே கூரையில்லாத வண்டியில் ஒரு மணி நேரம் போனால் காலையில் காப்பாற்றியதை வழியில் இழப்பீர்கள். கூரை, காற்றோட்டம், வண்டிக்குள் தண்ணீர் ஆகிய மூன்றும் வேண்டும்.

8. விடியல் வெளிச்சத்தில் செய்யக்கூடாதவை

விடிவெளிச்சத்தில் நடக்கலாம், கருவி எடுக்கலாம், நேற்றுக் கோடு போட்ட இடத்தில் கையால் தோண்டவும் தொடங்கலாம். இயந்திரத்துக்கு அருகே ஆட்கள் நிற்பதும், ஏற்கெனவே தோண்டிய பள்ளத்துக்குள் இறங்குவதும் கூடாது. இரவில் பள்ளத்தின் கரையில் விழுந்த விரிசல் அந்த மங்கல் ஒளியில் தெரியாது. விளக்கை வைத்துக் கரை முழுவதையும் ஒருவர் நடந்து பார்த்த பின்பே இறங்க வேண்டும்.

விளக்குக் கம்பத்தைப் பள்ளத்தின் ஒரு முனையில் மட்டும் வைத்தால் எதிரே நிற்பவர் கண் கூசும். தோண்டுபவரின் நிழலே அவர் மண்வெட்டி விழும் இடத்தை மறைக்கும். இரு பக்கமும் உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்து இரண்டு விளக்குகள் வையுங்கள்.

9. புதியவரையும் திரும்பி வந்தவரையும் தனியாகக் கவனியுங்கள்

நேரத்தை மாற்றிவிட்டோமே என்று இதில் அலட்சியமாக இருக்காதீர்கள். வெயிலால் நேரும் சாவுகளில் பெரும்பகுதி, வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நடக்கின்றன. உடல் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் அதிகம் வியர்க்கவும், வியர்வையில் உப்பை இழக்காமல் வைத்துக்கொள்ளவும் அது கற்றுக்கொள்கிறது.

அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் பரிந்துரைக்கும் கணக்கு நினைவில் வைக்க எளிது. புதியவர் முதல் நாள் வெயிலில் இருப்பது வழக்கமான நேரத்தில் இருபது சதவீதம். பிறகு நாளுக்கு இருபது சதவீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது. நாங்கள் வெயிலில் நிற்கும் ஐந்து மணி நேரத்தில் முதல் நாள் ஒரு மணி நேரம், இரண்டாம் நாள் இரண்டு மணி நேரம் என்று ஐந்தாம் நாள்தான் முழு வேலை. முன்பே பழகி, இடையில் விலகியிருந்தவருக்கு ஐம்பது, அறுபது, எண்பது, நூறு சதவீதம் என நான்கு நாள்.

காய்ச்சலில் படுத்து எழுந்து வருபவர்தான் பெரும்பாலும் இந்தக் கணக்கில் விடுபட்டுப் போகிறார். பத்து வருட ஆள் என்பதால் யாரும் அவரைப் புதியவராக எண்ணுவதில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு வாரத்துக்கு மேல் வராதவர் பெயருக்கு எதிரே நான் சிவப்பு மையில் நாள் எண்ணிக்கை எழுதிவிடுகிறேன்.

10. தண்ணீரும் நிறுத்தும் குறியும்

பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை, அதாவது கால் லிட்டர். தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக்கூடாது. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேலும் குடிக்கக்கூடாது. அளவு மீறினால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். தண்ணீர்க் குடம் பள்ளத்திலிருந்து எழுந்து நடந்து போகும் தொலைவில் இருந்தால் யாரும் போக மாட்டார்கள். கரையிலேயே வைத்து, வேலை நகர நகரக் குடத்தையும் நகர்த்துங்கள்.

இருவர் இருவராகச் சேர்த்துவிடுங்கள். ஒருவர் மற்றவரின் பேச்சையும் கையையும் கவனிக்க வேண்டும். குழறல், தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல், எளிய வேலையில் மீண்டும் மீண்டும் தவறுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே வேலையை நிறுத்துங்கள். வியர்வை நின்றதா என்று பார்த்துக் காத்திருக்காதீர்கள். வேலை செய்துகொண்டே விழுபவருக்கு வியர்வை வழிந்துகொண்டே இருக்கலாம். ஆம்புலன்ஸை அழைத்த கையோடு, மேலுடையைக் கழற்றி, உடல் முழுவதும் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறுங்கள். வண்டி வரும் வரை குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது.

11. வாரம் ஒருமுறை அளந்து, திரும்பும் நாளை முடிவு செய்யுங்கள்

முதலில் போட்ட அட்டவணையைக் கோடை முழுக்க அப்படியே ஓட்ட முடியாது. உதய நேரம் மாறும், ஈரப்பதம் மாறும். வாரத்தில் ஒரு நாள் மீண்டும் மணிக்கொரு முறை அளங்கள். மழை பெய்த மறுநாள் கட்டாயம் அளங்கள். காற்று குளிர்ந்தாற்போல் தோன்றும், ஈரத்துணி வெப்பமானி ஏறியிருக்கும். இரவும் குளிராத நாட்கள் வரும். அப்படி ஒரு வாரத்தில் எங்களுக்குக் காலை ஐந்தரைக்கே 27 காட்டியது. அந்த நாட்களில் தொடக்கத்திலிருந்தே பாதிப் பாதியாகத் தோண்டினோம். பத்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பினோம்.

பழைய நேரத்துக்குத் திரும்புவதற்கான நிபந்தனையை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தோம்: தொடர்ந்து ஐந்து வேலைநாட்கள் பிற்பகல் மூன்று மணி அளவு 26-க்குக் கீழே இருக்க வேண்டும். நான்காவது நாள் 25.6 காட்டியதும் இப்போதே மாற்றிவிடலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஐந்தாவது நாள் 27.1. எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினோம். பழைய நேரத்துக்குத் திரும்ப மேலும் பன்னிரண்டு நாட்கள் ஆயின. திரும்பும்போதும் அரை மணி அரை மணியாகவே நகர்த்தினோம். லாரிக்காரருக்கும் சாவிக்காரருக்கும் இந்த முறை முதல் நாளே கடிதம் போய்விட்டது.